இரண்டு மூன்றுகள்

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மினியக்காவின் கட்டுரைத் தாளைப் பின்பக்கம் திருப்பாமலே ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். தாளைத் திரும்பக் கொடுத்தபோது அவர், "டீச்சரே, பின்னால எழுதினதையும் வாசிச்சியளா?" என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். அது போதாதென்று, "முடிவு நல்லா இருந்தது" என்றும் சொன்னேன்.

அவர் "ஓ, முடிவு நல்லா இருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளை மடித்துத் தன் கோப்பில் வைத்து அலமாரிக்குள் போட்டார்.

நான் கேரள எல்லைப் பக்கம் உதியன்குளங்கரையில், வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் மாடியில், பள்ளியை இடையில் விட்டவர்கள் எழுதும் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுக்கான மாலை வகுப்பில் தமிழ் எடுக்கிறேன். பி.எட். முடித்து அதிக காலம் ஆகவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். என்னைவிட மூத்தவர்கள். மினியக்கா பாறசாலையில் ஒரு பேக்கரியில் நிற்கிறார், வீடு காரோடு என்ற ஊரில். ஒரு மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு உதவியாளர் பயிற்சி இருக்கிறதாம். சேர வேண்டுமென்றால் பத்து பாஸாகியிருக்க வேண்டும். "பப்ஸ் மடக்கினது போதும், இனி பெட்ஷீட் மடக்குகேன்" என்று வந்த முதல் நாளே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவர்.

பொய் சொன்னதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அடுத்த வகுப்பில் அந்தத் தாளை எடுத்து முழுதாக வாசிக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

தாளை எடுக்கவில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

வகுப்புகளை மேற்பார்க்கும் விமலகுமாரி டீச்சர் இன்று வந்திருந்தார். இந்த வருடம் தேர்வு எழுதுகிறவர்களின் பெயரை அடுத்த வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார். இப்போது விட்டால் அடுத்த வருடம்தான். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்டோ ஓட்டுகிற மோகனன் அண்ணன், "எனக்க பேரை முதல்ல எழுதுங்க, இல்லேங்கி மனசு மாறிப்போவும்" என்றார். மினியக்காவின் முறை வந்தது.

"எனக்க பேரு வேண்டாம் டீச்சரே."

"ஏன் மினி? கணக்குல நீதானே நல்லா செய்யிற?" என்றார் விமலகுமாரி டீச்சர்.

"கணக்கு செரி. தமிழு எழுத வராது. மூணுதான் கிட்டும். எப்படி எழுதினாலும் மூணு. மாத்தி மாத்தி எழுதிப் பாத்தாச்சு."

"மூணு என்னத்துக்கு மோசம்?" என்றார் மோகனன் அண்ணன். "நான் நாலு வாங்கிட்டு ராஜாவு மாதிரி நடக்கேன்."

"உமக்கு நாலு. நீரு நடப்பீரு. நான் மூணுலயே நிக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த மூன்று எப்படி வந்தது என்பதை முறையாக எழுதிப் பார்க்கிறேன். வாராவாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். ஒவ்வொரு தாளையும் ஒரு முறை நிறுத்தாமல் வாசிப்பேன். மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று மனதில் படுவதை வைத்து ஐந்துக்கு ஒரே ஓர் எண் போடுவேன். இதற்கு முழுமை மதிப்பீடு என்று பெயர். இன்னொரு வகை பகுப்பு மதிப்பீடு. கருத்து எப்படி, அமைப்பு எப்படி, மொழி எப்படி, எழுத்துப்பிழை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண் போடுவது. இரண்டையும் பி.எட்.டில் படித்தேன். வேறுபாட்டை எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஜூன் மாதம் சேர்க்கையின்போது முழுமை மதிப்பீட்டைத்தான் பயன்படுத்தினோம். இங்கிலீஷ் எடுக்கிற சிபியும் நானும். வந்தவர்கள் எல்லோரையும் ஒரு பக்கம் எழுத வைத்து, யார் நேராகத் தேர்வுப் பாடத்துக்குப் போகலாம், யாருக்கு முதலில் எழுத்துப் பயிற்சி வேண்டும் என்று பிரிக்க வேண்டியிருந்தது. ஒரே மாலையில் முடிக்க வேண்டும். முதலில் மூன்று தாளை எடுத்து, இது இரண்டு, இது மூன்று, இது நான்கு என்று பேசி முடிவு செய்து மேசையில் வைத்துக்கொண்டோம். பிறகு மற்ற தாள்களை அவற்றோடு ஒப்பிட்டு, அவன் போட்டதை நான் பார்க்காமலும் நான் போட்டதை அவன் பார்க்காமலும் எண் போட்டோம். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்த தாள்களை மட்டும் சேர்ந்து மறுபடி வாசித்தோம். நன்றாகவே நடந்தது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எந்த அறையில் உட்காருவது என்று தெரிந்தால் போதும்.

அதே முறையை அப்படியே வாரக் கட்டுரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். மாதிரித் தாள் இல்லை, இரண்டாவது ஆள் இல்லை. சீக்கிரம் முடிகிறது என்பதுதான் காரணம். ஆனால் வகுப்பில் அப்படிச் சொல்லவில்லை. "எழுத்தைத் துண்டுதுண்டா வெட்டிப் பாக்கக் கூடாது, முழுசாப் பாக்கணும்" என்று சொன்னேன். சொல்லும்போது குரலைக் கூட மாற்றிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15, சனி

மினியக்கா வரவில்லை. அவரோடு ஒரே பஸ்ஸில் வரும் ஸ்வப்னாவிடம் கேட்டேன்.

"இனி வரமாட்டேன்னாக்கும் சொன்னா. வந்தா வண்டிக்கூலி தண்டமாம். நான் சொல்லிப் பாத்தேன் டீச்சர், கேக்கணும்லா."

வகுப்பு முடிந்ததும் அலமாரியைத் திறந்து மினியக்காவின் கோப்பை எடுத்தேன். சிபி கீழே பைக்கை எடுக்கப் போனவன், நான் இறங்காததைப் பார்த்துத் திரும்பி வந்தான்.

"என்ன பிள்ளே, வீட்டுக்குப் போவண்டாமா?"

"ரெண்டு தாளு வாசிக்கணும். நீயும் வாசிச்சுத் தா. நான் போட்ட மார்க்கைப் பாக்காத." மூலையில் இருந்த எண்களைத் தாளை மடித்து மறைத்தேன். ஒன்று ஆகஸ்டில் எழுதியது, மற்றது இந்தச் செவ்வாய்க்கிழமையுடையது.

ஆகஸ்டுத் தாளின் தலைப்பு 'நான் பயணம் செய்யும் பேருந்து'. சிபி சத்தமாகவே வாசித்தான். எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் இறங்கி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்தார். கேரளத்துப் பேருந்தின் நடத்துநர் மலையாளத்தில் திட்டுவாராம், தமிழ்நாட்டுப் பேருந்தின் நடத்துநர் தமிழில் திட்டுவாராம்; திட்டு ஒன்றுதான், சில்லறை இல்லை என்பது. ஒருமுறை மழைக்கு ஒதுங்கியபோது, கேரளத்துக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே அவரும் தமிழ்நாட்டுக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே அவர் பையும் இருந்தனவாம். நடுவே இருந்த மழையில் எந்த அரசாங்கம் நனைந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

சிபி வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "இது யாரு எழுதினது? கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா."

"மேல வாசி."

மேலே வாசித்தபோது அவனுக்குத் தடுமாறியது. கட்டுரை மழையில் தொடங்கி, வீட்டுக்கு வந்து சேர்ந்து, பிறகு பஸ்ஸில் ஏறியது. அக்கா வீட்டில் குடித்த சாயா இரண்டு இடத்தில் வந்தது. பத்தி பிரிக்கவே இல்லை. நிறுத்தக்குறிகள் எங்கோ ஒன்றிரண்டு. தொடக்கம் எது, முடிவு எது என்று வாசிக்கிறவர்தான் தேட வேண்டும்.

அடுத்ததாகச் செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தான். தலைப்பு 'தூய்மை'. 'தூய்மை என்பது மனித வாழ்வின் இன்றியமையாத பண்பாகும்' என்று தொடங்கியது. முன்னுரை, அகத்தூய்மை, புறத்தூய்மை, முடிவுரை. ஒரு பிழை கிடையாது. கையெழுத்து கூட வேறு மாதிரி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நின்றது.

"இது வேற ஆளுல்லா?" என்றான் சிபி. "கைடைப் பாத்து உருப்போட்ட ஆளு."

"ரெண்டும் ஒரே ஆளாக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தாளைத் திருப்பினான். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி திருப்பினான்.

"பிள்ளே, பின்னால எழுதியிருக்கது முன்னால உள்ளதேதான். வரி மாறாம."

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முன்பக்கத்தை அப்படியே இரண்டாம் முறை எழுதியிருந்தார். 'முடிவு நல்லா இருந்தது' என்று நான் சொன்னது இதைப் பற்றித்தான். சிபியிடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து கட்டம் போட்டோம். நான்கு வரிசை: கருத்து, அமைப்பு, மொழி, பிழையின்மை. ஒவ்வொன்றிலும் ஐந்து என்றால் என்ன, மூன்று என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்று ஒரு வரி எழுதிக்கொண்டோம். ஒரு தாளின் நான்கு வரிசையையும் ஒரே மூச்சில் போட்டால், முதலில் பிடித்தது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும் என்று படித்திருந்தேன். அதனால் முதலில் இரண்டு தாளுக்கும் கருத்து மட்டும், பிறகு இரண்டுக்கும் அமைப்பு மட்டும் என்று போனோம். அவன் தனியாக, நான் தனியாக. ஓரிரு இடத்தில் ஓர் எண் கூடக்குறைய வந்தது, பேசி ஒத்துக்கொண்டோம்.

பேருந்து: கருத்து ஐந்து, அமைப்பு ஒன்று, மொழி நான்கு, பிழையின்மை இரண்டு.

தூய்மை: கருத்து ஒன்று, அமைப்பு மூன்று, மொழி மூன்று, பிழையின்மை ஐந்து.

சிபி இரண்டையும் கூட்டினான். "இதும் பன்னெண்டு, அதும் பன்னெண்டு. நாலால வகுத்தா மூணு." நான் போட்டதும் மூன்றுதான் என்றேன். "பின்ன நீ போட்டது தப்பில்லியே அனகா டீச்சரே. கணக்கா மூணுதான்." கேலியாகத்தான் சொன்னான். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

மடித்த மூலையைப் பிரித்தேன். இரண்டிலும் என் கையால் எழுதிய மூன்று. சிவப்பு மையில், வட்டத்துக்குள்.

எண் தப்பில்லை. எண் சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மோகனன் அண்ணன் போன்றவர்களுக்கு எல்லா வரிசையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். ஓர் எண் சொன்னால் ஓரளவு போதும். மினியக்காவுக்கு ஒரு வரிசை உச்சியில், ஒன்று தரையில். ஒரே எண்ணில் அது தெரியாது. ஆகஸ்டில் மூன்று என்று பார்த்தவர் எதைத் திருத்துவார்? எது குறை என்று யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். நடுவில் இருந்த தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் நகைச்சுவை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அக்டோபரில் பனச்சமூடு, பாறசாலை என்று எந்த ஊர்ப்பெயரும் இல்லை. நவம்பரில் அவரே இல்லை. ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் இறங்கியது, மொத்தம் அசையவில்லை.

"இனி எல்லாத்தையும் இப்படிக் கட்டம் போட்டே திருத்துவியா?" என்றான் சிபி இறங்கும்போது. "ரெண்டு தாளுக்கே இம்புட்டு நேரம்."

"வாரக் கட்டுரைக்கு மட்டும். டிசம்பர்ல மாதிரித் தேர்வுக்கு, ஜூன்ல செஞ்சது மாதிரியே ஒத்த எண்ணு போதும். ஆனா நீயும் வாசிக்கணும்."

"சாயா வாங்கித் தந்தா வாசிக்கேன்."

நவம்பர் 17, திங்கள்

இன்று வகுப்பு இல்லை. பாறசாலையில் பேக்கரிக்குப் போனேன். போகும் வழியில் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் பொய், பிறகு மூன்று, பிறகு கட்டம். உள்ளே நுழைந்ததும் எல்லாம் கலைந்துபோனது.

மினியக்கா கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று, யாருக்கோ கேக் பெட்டியில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "டீச்சருக்கு என்ன வேணும்?" என்றார், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற குரலில்.

"ஒரு விஷயம் பேசணும்."

"ஆளு வரும். நின்னே பேசுங்க."

"பின்பக்கம் நான் வாசிக்கல்ல. வாசிச்சேன்னு பொய் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும்லா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வாசிக்கியளா இல்லியான்னு பாக்கதுக்குத்தான் அப்படி எழுதி வச்சேன். முடிவு நல்லா இருந்துன்னு சொன்னியளே, அன்னைக்கு ராத்திரி வீட்டுல சொல்லிச் சிரிச்சோம்."

கடைக்காரப் பெண் ஜெஸி கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பையிலிருந்து இரண்டு தாளையும் கட்டத்தையும் எடுத்து அலமாரி மேல் வைத்தேன். இதற்குக் கருத்து இவ்வளவு, அமைப்பு இவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க டீச்சரே. முன்ன ஒரு நம்பரு தந்தீங்க. அதுக்கே எனக்கு ஒறக்கம் போச்சு. இப்ப நாலு கொண்டு வந்திருக்கீங்க."

அவர் சொன்னது சரிதான். கட்டத்தைக் கையால் மூடினேன். முதல் வரிசை மட்டும் தெரிந்தது.

"இது ஒண்ணைப் பாருங்க. பஸ் கட்டுரை. கருத்துக்கு அஞ்சு. சிபியும் அஞ்சு. ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டது."

அவர் குனிந்து பார்த்தார். ஒருவர் வந்து ரஸ்க் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

"இந்த அஞ்சு ஆகஸ்டுலயே உண்டா?"

"உண்டு."

"பின்ன ஏன் அன்னைக்குச் சொல்லல்ல?"

சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது என்று சொல்லவா? முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அன்று நான் பேசியதைச் சொல்லவா?

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா" என்றார் மினியக்கா. குரல் இப்போது கடைக்குரல் இல்லை. "தமாஷா எழுதினதுதான் தப்புன்னு நினைச்சேன். நாம பேசுக மாதிரி எழுதினா பரீச்சைக்கு ஆவாது, டீச்சருக்குப் பிடிக்கல்லன்னு. அதான் ஒவ்வொண்ணா எடுத்துக் களைஞ்சேன். கடைசில ஸ்வப்னாக்க மோளுக்க கைடை வாங்கி எழுதினேன். அதுக்கும் மூணு."

"அதை எடுத்துக் களைய வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். தப்பு எனக்கதாக்கும்."

"ஆமா" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்கத்தான் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜெஸி கல்லாவிலிருந்து வந்து தாளை எட்டிப் பார்த்து, "மினியக்கா, அந்த மழைல அரசாங்கம் நனஞ்ச கதை, அன்னைக்கு எங்ககிட்ட சொன்னதுல்லா?" என்றாள்.

"அதேதான். உங்கிட்ட சொல்லும்ப வரிசையா வந்துது. எழுதும்ப எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கேறி நிக்குது."

"அது ஒண்ணுதான் முக்கியமாத் திருத்தணும்" என்றேன். கையைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டாவது வரிசையைக் காட்டினேன். "அமைப்பு. இதுல ஒண்ணு. ஜெஸிகிட்ட எதை முதல்ல சொன்னியளோ அதை முதல்ல எழுதுங்க. பாக்கி ரெண்டு வரிசையை இப்ப பாக்க வேண்டாம்."

"பிழை நிறைய உண்டா?"

"உண்டு. பிறகு பாப்போம்."

அவர் பேருந்துத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டார். தூய்மைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வச்சிக்கிடுங்க. முடிவு நல்லா இருக்கும், வாசிச்சுப் பாருங்க."

ஜெஸி வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

பெயரைப் பற்றிக் கேட்காமல் வர முடியவில்லை. விமலகுமாரி டீச்சர் நாளை மாலைதான் பெயர்களை வாங்கிப் போகிறார் என்றேன்.

"பேரு இப்ப சொல்லமாட்டேன். நாளைக்கு வாறேன். இந்த பஸ்ஸை வரிசையா எழுதித் தாறேன். நீங்க ரெண்டு பக்கமும் வாசிக்கணும். அந்த அமைப்புல ஒண்ணுங்கது ரெண்டாச்சுன்னா பேரு குடுப்பேன். இல்லேங்கி இல்ல. சும்மா எனக்க மனசுக்காகக் கூட்டிப் போடப்பிடாது, கேட்டியளா."

கூட்டிப் போட மாட்டேன் என்றேன். வெளியே வந்த பிறகு, அந்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா என்று பயமாக இருந்தது. நாளை அவர் தாளை வாசிக்கும்போது, அவர் பெயர் பட்டியலில் வர வேண்டும் என்ற ஆசை என் கையைத் தள்ளும். அந்த வரிசையைச் சிபிதான் முதலில் போட வேண்டும். அவனிடம் பெயரைப் பற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் செவ்வாய்க்கிழமைப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும்.

நாளை: விமலகுமாரி டீச்சருக்குக் காலையிலேயே போன் செய்து, வகுப்பு முடியும்வரை பெயர்களை வாங்கிப் போகாமல் இருக்கக் கேட்க வேண்டும். அமைப்பு வரிசைக்கு ஒன்று முதல் ஐந்து வரை உள்ள விளக்கத்தைத் தனித்தாளில் எழுதிச் சிபியிடம் கொடுக்க வேண்டும். மினியக்கா எழுதித் தந்ததும் இரண்டு பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.